பதில் போடாமல் விட்ட ஒரு செய்திக்கு

அன்புள்ள வசந்தி அக்கா,

வணக்கம். நான் கவிதா. கணக்குப் பிரிவில் ஜன்னலோர மேசையில், உங்களுக்கு எதிரே நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவள். இத்தனை வருடம் கழித்து என் பெயரைப் பார்த்ததும் ‘இவளுக்கு இப்போது என்ன வேண்டுமாம்’ என்று தோன்றினால் அது நியாயம்தான். அதற்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருப்புச் சரிபார்ப்பு தாளோடு சாயங்காலம் வரை போராடிக்கொண்டிருந்தாள். பற்றுக்கும் வரவுக்கும் 270 இடித்தது. பாதித் தொகையான 135-ஐத் தேடி, பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாயிற்று. அது இல்லை. “ஒன்பதால் வகுத்துப் பார்” என்றேன். மீதியில்லாமல் 30 வந்தது. “அப்படியென்றால் எங்கேயோ நூறும் பத்தும் இடம் மாறியிருக்கிறது. இரண்டு இலக்கத்துக்கும் மூன்று வித்தியாசம் இருக்கும், அதைத் தேடு” என்றேன். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். 7,632-ஐ 7,362 என்று அடித்திருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன். “இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை, அக்கா. அது உறுத்திவிட்டது.

அன்று இரவு போனில் நம் பழைய உரையாடலைத் தேடி எடுத்தேன். கடைசியாக இருந்தது உங்கள் செய்தி. “நேரம் இருக்கும்போது கூப்பிடும்மா, கொஞ்சம் பேசணும்.” படித்துவிட்டேன் என்ற நீல டிக் அப்படியே இருக்கிறது. கூப்பிடவே இல்லை.

நேரம் இல்லாமல் இல்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில், பாதி வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் புது இடத்துக்கு ஓடிவந்தவள் நான். ஒப்படைப்புக் குறிப்பு என்று நான் எழுதிவைத்தது ஒன்றரைப் பக்கம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்பது, பின்னால் இதே மாதிரி ஒருவர் என்னிடம் விட்டுப்போனபோதுதான் புரிந்தது. உங்கள் செய்தி வந்தபோது திட்டத்தான் கூப்பிடச் சொல்கிறீர்கள் என்று பயந்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், அப்புறம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மாதம் ஆனதும் வெட்கம் சேர்ந்துகொண்டது. ஒரு வருடம் ஆனதும் அதைத் தாண்டி வரவே முடியவில்லை.

நீங்கள் என்ன பேச நினைத்தீர்கள் என்று இப்போது யோசித்தால், திட்டுவதாக இருக்காது என்றே படுகிறது. திட்ட வேண்டியதை நேரிலேயே திட்டிவிடுகிற ஆள் நீங்கள். உங்களுக்குத்தான் ஏதோ தேவைப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் நான் இல்லாமல் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள், அக்கா.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது. சில மாதத்தில் நான் வேறு வேலை தேட வேண்டி வரலாம். அப்போது தெரிந்தவர்களை எல்லாம் கேட்பேன், உங்களையும் கேட்கத் தோன்றலாம். அதை முன்கூட்டிச் சொல்லாமல் இன்று நலம் விசாரித்துவிட்டு, அடுத்த மாதம் பயோடேட்டாவை அனுப்பினால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? இந்த மெயிலில் எதுவும் கேட்கவில்லை. இதற்குப் பதில் போட்டால் அதற்கும் தலையாட்டியதாக ஆகாது. ‘அதெல்லாம் வேண்டாம்மா, சும்மா பேசு’ என்றால் சும்மாவே பேசுகிறேன். அதுவே எனக்குப் போதும்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இன்னும் அதே அலுவலகம்தானா? முட்டி வலி என்று மாடிப்படியில் நின்று நின்று ஏறுவீர்களே, இப்போது தேவலையா? தம்பி கல்லூரியை முடித்திருப்பான், அவன் பிறகு என்ன எடுத்தான்? அந்தப் பழைய கால்குலேட்டர், எட்டு பட்டனை இரண்டு தடவை அமுக்க வேண்டியது, அதை யாராவது தூக்கிப் போட்டார்களா, இல்லை இன்னும் இழுப்பறையில் வைத்துக் காப்பாற்றுகிறீர்களா?

பதிலுக்கு அவசரமில்லை. நான் எடுத்துக்கொண்ட அளவு நாட்களை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க எனக்கு வாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்கு ஓய்வாக இருக்கும் என்று நினைவு. சரி என்று ஒரு வார்த்தை போட்டால் அன்று கூப்பிடுகிறேன். நீங்கள் அன்று பேச நினைத்ததை முதலில் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
கவிதா