கிளினிக் ரிசப்ஷன் வேலைக்கான நேர்காணல்: கேட்க வேண்டிய கேள்விகள்

அக்கா, புதன்கிழமை மதியம் 2 மணிக்கு மூன்று பேர் வருகிறார்கள். கேள்விகளை நான் கேட்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். நடித்துக் காட்டும் இடங்களில் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். மூவருக்கும் ஒரே கேள்விகள்தான்.

முதலில் வேலையை மறைக்காமல் சொல்லிவிடுவோம். காலை 9 முதல் 1, மாலை 5 முதல் 9. செவ்வாய் விடுமுறை. பனியன் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் ஞாயிறு காலைதான் கூட்டம் அதிகம், அன்று கட்டாயம் வர வேண்டும். சம்பளம் மாதம் 13,000 ரூபாய், மூன்றாம் மாதத்திலிருந்து 14,000. அவிநாசிக்கு வெளியே கிராமத்திலிருந்து வருபவர் என்றால், இரவு எப்படி வீடு போவார் என்று கேட்டுக்கொள்வோம். பஸ் இல்லையென்றால் 8.30க்கே அனுப்பிவிடலாம், அதற்காக ஆளைத் தள்ள வேண்டாம்.

இரண்டு விஷயங்களைக் கேட்கவே வேண்டாம். ஒன்று, கல்யாணம், குழந்தை எப்போது என்பது. இன்னொன்று, எந்தக் கூட்டம், யார் வகையறா என்பது. நம் பக்கத்தில் பேச்சை ஆரம்பிப்பதே அதில்தான், தெரியும். ஆனால் நாமே அதைக் கேட்டு ஆள் எடுத்தால், நாளைக்கு மேசையில் உட்காரும் அந்தப் பெண்ணும் வருகிறவர்களை அதை வைத்துத்தான் பிரிப்பார்.

பொறுமை

"உங்களுக்குப் பொறுமை உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். அதனால் இதை நடித்தே பார்த்துவிடுவோம். நீங்கள் காது சரியாகக் கேட்காத பெரியவர். கையில் டோக்கனை வைத்துக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, என்ற பேரு வந்துருச்சுங்களா?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஒரு நிமிடம் விட்டு அதையே கேளுங்கள். மூன்றாவது முறையும் கேளுங்கள்.

மூன்றாவது பதிலைத்தான் பார்க்க வேண்டும். குரல் ஏறுகிறதா, சத்தமாகச் சொல்வதும் அதட்டுவதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிகிறதா? "உங்களுக்கு முன்னால நாலு பேரு இருக்காங்க, நானே வந்து கூப்பிடறேனுங்க" என்று எழுந்து அருகில் போய்ச் சொல்பவர் என்றால் எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்பது தன்னை விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான்.

அப்புறம் இந்தக் கேள்வி: "பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து மில்லில் வேலை செய்யும் பையன். தமிழ் தெரியாது, வயிற்றைக் காட்டுகிறான். என்ன செய்வீர்கள்?" இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவனை உட்கார வைப்பாரா, கூட வந்தவர்களில் பேசத் தெரிந்தவரைத் தேடுவாரா, இல்லை தமிழிலேயே சத்தம் போடுவாரா என்பது தெரிந்தால் போதும்.

கூட்டம்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்வோம். நான் இப்படிச் சொல்வேன்: "ஞாயிறு காலை 10.30. உள்ளே 34ஆம் டோக்கன். வெளியே உட்கார இடமில்லை. மேசைக்கு முன்னால் மூன்று பேர். முழங்கால் வலி என்று வந்த ஊர்ப் பெரியமனிதர், டாக்டர் தனக்குத் தெரிந்தவர் என்கிறார். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சட்டை நனைய வேர்த்திருக்கிறது, 'கேஸ்தானுங்க, நெஞ்சு கரிக்குது, நான் வெய்ட் பண்றேன்' என்கிறார். நாலு வயதுக் குழந்தையோடு ஒரு தாய், 'மூணு நாளா காய்ச்சல், ராத்திரியே விட்டுருச்சுங்க, ஆனா வாந்தி நிக்கல' என்கிறார். குழந்தை தோளில் துவண்டு கிடக்கிறது. போனும் அடிக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?"

வேர்த்தவரையும் குழந்தையையும் உடனே உங்களிடம் அனுப்ப வேண்டும், அதுதான் பதில். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்து என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பாம்புக்கடி, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு இதெல்லாம் டோக்கன் பார்க்காமல் உள்ளே வர வேண்டியவை என்று முதல் நாளே எழுதி மேசையில் ஒட்டிவிடுவோம், 108 எண்ணையும் சேர்த்து. நேர்காணலில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சத்தம் போடுபவரைத் தாண்டி, சத்தமே போடாதவரை அவர் பார்க்கிறாரா? "எனக்குத் தெரியாது, சிஸ்டரைக் கூப்பிடுவேன்" என்றாலும் முழு மதிப்பெண். "கேஸ்தான்னு அவரே சொல்றாரே" என்றால் யோசிக்க வேண்டும்.

தொடர்ந்து இதையும் கேட்போம்: "35ஆம் டோக்கன்காரர் சண்டைக்கு வருகிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?" அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று கூட்டத்தின் நடுவே சொல்லிவிடக் கூடாது. "ரொம்ப முடியாம வந்திருக்காங்க, அடுத்தது நீங்கதானுங்க" என்பதற்கு மேல் தேவையில்லை.

ஊர்ப் பெரியமனிதருக்கு முறை வரும்போது முறை. "ரிப்போர்ட்டை மட்டும் காட்டிட்டுப் போயிடறேன்" என்பவர்களுக்கும் டோக்கன்தான். மருந்து கம்பெனி ரெப் எல்லாம் 1 மணிக்கு மேல். இதில் நான் பின்னால் நிற்பேன், யார் வந்து என்னிடம் குறை சொன்னாலும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிடப் போகிறேன்.

ரகசியம்

சின்ன ஊர், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். நம் கிளினிக்கில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

"ஒரு அம்மா வருகிறார். பையனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். 'அந்தப் புள்ள இங்க வைத்தியம் பார்க்குதாமே, என்னத்துக்குன்னு மட்டும் சொல்லு கண்ணு, என்ற பையனோட வாழ்க்கை பாரு' என்கிறார். உங்களுக்குத் தூரத்து அத்தை முறையும் ஆகிறது. என்ன சொல்வீர்கள்?"

"சொல்ல மாட்டேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிச் சொல்வார் என்று கேட்க வேண்டும். "அந்தப் பொண்ணு இங்க வர்றதே இல்லீங்க" என்று ஒருவருக்கும், "அதையெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்று இன்னொருவருக்கும் சொன்னால், இரண்டாவது பதிலே காட்டிக்கொடுத்துவிடும். வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே பதில்: "யார் வர்றாங்கன்னே நாங்க வெளிய சொல்றதில்லீங்க." இதை அவராகவே கண்டுபிடித்தால் அருமை. இல்லையென்றால் விளக்கிவிட்டு, புரிகிறதா என்று பார்ப்போம்.

அடுத்தது: "மருமகளின் கர்ப்பப் பரிசோதனை ரிப்போர்ட்டை மாமியார் கேட்கிறார். பணம் கட்டியதும் அவர்தான்." பணம் கட்டினாலும் ரிப்போர்ட் மருமகளுடையது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் விவரமும் எச்ஐவி தொற்று உள்ளவரின் விவரமும் வெளியே போவதைச் சட்டமே தடுக்கிறது. முதலாவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தம், இரண்டாவது 2017ஆம் ஆண்டுச் சட்டம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், வேலையின் கனம் தெரியும்படி சொல்வோம்.

"ஒரே நாளில் மூன்று பழனிசாமி ரிப்போர்ட் வாங்க வந்தால்?" வயதும் போன் எண்ணும் ஒத்துப்பார்ப்பேன் என்று வர வேண்டும். இனிஷியலை மட்டும் நம்பினால் போதாது.

கடைசியாக, பேச்சுவாக்கில்: "முன்னால் வேலை செய்த இடத்தில் மறக்க முடியாத ஆள் யாராவது?" பெயரோ ஊரோ அடையாளமோ இல்லாமல் சொன்னால் நல்லது. இன்னாருடைய மகள் என்று ஆரம்பித்தால், மற்ற பதில்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவரை எடுக்க முடியாது.

அவர்களுக்கு நம்மிடம் கேட்க என்ன இருக்கிறது என்று கேட்டு முடிப்போம். தேர்வானவர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சம்பளத்தோடு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மற்ற இருவருக்கும் வியாழன் மாலைக்குள் நானே போன் செய்துவிடுகிறேன். வரும் மூவருக்கும் பஸ் செலவுக்கு ஆளுக்கு 100 ரூபாய் கவரில் போட்டு வைத்துவிடுங்கள் அக்கா.