மாரிகுப்பம் வண்டி

தொடர்கதை. குடும்பம், காதல், கோலார் தங்கவயல். ஞாயிறுதோறும் இரவு 8 மணிக்கு ஒரு அத்தியாயம், மொத்தம் 24, இதுவரை 10 வந்திருக்கிறது.

2001 பிப்ரவரி 28. தங்கவயலில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்த அப்பா, மறுநாள் காலையும் பழக்கத்தில் நாலு மணிக்கே எழுந்து, பித்தளைப் பில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பில்லையில் நம்பர் பாதி தேய்ந்திருக்கிறது. அதே நேரத்தில் மகள் செல்வி, இருபத்திரண்டு வயது, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, தங்கவயலின் மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற பெங்களூர் வண்டியைப் பிடிக்க ஓடுகிறாள். இனிமேல் வீட்டுக்குச் சம்பளம் அவள்தான்.

தங்கவயல் என்றதும் துப்பாக்கி, தாதா, தங்கக்கட்டி என்று தேடி வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் அதெல்லாம் கிடையாது. வடஆற்காடு பக்கத்திலிருந்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே போய், கர்நாடகத்துக்குள்ளேயே தமிழ் பேசி வாழ்ந்த லைன் வீட்டு ஜனங்களின் கதை இது. 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊரில், சுரங்கம் போனபிறகு அடுப்பு எப்படி எரிந்தது என்பதுதான் எனக்கு எழுத வேண்டியிருந்தது. காதலும் உண்டு, ஆனால் மெதுவாகத்தான் வரும், ரயிலில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிற ஒருத்தன் மூலமாக.

அத்தியாயங்கள்

1. கடைசிச் சங்கு
2. பித்தளைப் பில்லை
3. லைன் வீட்டுச் சாவி
4. ஒரே சாம்பார், இரண்டு டிபன் பாக்ஸ்
5. மூன்றாவது பெட்டி, ஜன்னல் பக்கம்
6. தூங்குகிறவன் பேர் என்ன?
7. பாத்திரம் அதிர்ந்த ராத்திரி (அம்மாவின் இளவயதுக் கதை. கீழே பாறை வெடித்தால் மேலே அலமாரியில் தட்டு குலுங்கும், பெண்கள் அப்படியே ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். நான் ரொம்ப நாள் எடுத்து எழுதியது இதைத்தான்)
8. சயனைடு மேட்டுக் காற்று
9. பம்பை நிறுத்திவிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது
10. அப்பாவின் இருமல்

11 வரும் ஞாயிறு: "ராபர்ட்சன்பேட்டை அடகுக்கடை".

புதிதாக வருகிறவர்கள் ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். ஏழாவது தனியாகவும் படிக்கலாம், ஆனால் அந்தப் பில்லை யாருடையது என்று தெரிந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். 10ல் நுரையீரல் நோயும் ஆஸ்பத்திரிக் காட்சிகளும் வருகின்றன, வீட்டில் யாரையாவது அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சரி, அப்புறம் படிக்கலாம் என்று தள்ளிவைத்தாலும் கதை புரியும்.

#கோலார்_தங்கவயல் #சுரங்கத்_தொழிலாளர் #குடும்ப_நாவல் #ரயில்_காதல் #அப்பா_மகள் #2001