பருவக்காற்று: நிதி இலக்கும் வெகுமதிகளும்

கவிதா அக்கா, நிலான், ஜெயன் மூவருக்கும்,

நம் ‘பருவக்காற்று’ கணினி விளையாட்டுக்குக் கிக்ஸ்டார்ட்டர் பக்கத்தைத் திறக்கும் முன் நாம் ஒத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. தொகைகள் எல்லாம் கனடிய டாலரில்.

ஓவியத்துக்கு 14,000, இசைக்கு 4,000, நிரல் எழுதும் இருவரின் அரைநேர ஊதியம் ஆறு மாதத்துக்கு 15,000, சோதனைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 3,500. மொத்தம் 36,500. எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு, அதாவது 3,650. துணி வரைபடங்களுக்கு 2,640. ஆக, நம் கைக்கு வரவேண்டியது 42,790. கிக்ஸ்டார்ட்டர் 5 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றத்துக்கு 3 விழுக்காடும் பணம் தரும் ஒவ்வொருவருக்கும் 20 சென்டும் போகும். சிலரின் அட்டைகள் கடைசியில் நிராகரிக்கப்படும். எனவே பத்திலொரு பங்கைக் கழித்தே வைக்கிறேன். இலக்கு 48,000.

முப்பதாயிரம் என்று போட்டால் எளிதில் எட்டிவிடலாம் என்கிறான் நிலான். இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் வராது என்ற அவன் கவலை நியாயமானது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம், 31,000 திரண்டு, பாதி விளையாட்டுக்கான பணத்தோடு முழு விளையாட்டுக்கு வாக்குக் கொடுத்து நிற்பதுதான்.

வெகுமதிகள்:

20 டாலர்: விளையாட்டின் ஸ்டீம் பிரதி (800 பேர்)
35 டாலர்: அதனுடன் இசைத்தொகுப்பு, மின் ஓவிய நூல் (450)
60 டாலர்: மேலும் முன்சோதனை வாய்ப்பு, நன்றிப் பட்டியலில் பெயர் (150)
140 டாலர்: மேலும் வங்கக்கடல் துறைமுகங்களின் துணி வரைபடம் (40)
300 டாலர்: மேலும் ஒரு கப்பல் தலைவரை நம்மோடு சேர்ந்து உருவாக்கலாம், பத்து இடங்கள் மட்டும் (8)

அடைப்புக்குறியில் இருப்பது என் மதிப்பீடு, கூட்டினால் 48,750. வரைபட அடுக்கை முதலில் 110 என்றுதான் பேசினோம். அச்சுக்கும் உறைக்கும் 25, தபாலுக்குச் சராசரி 30, கட்டணங்களுக்கு 11 போனால் மிஞ்சுவது 44. அறுபது டாலர் தருபவரிடமிருந்து நமக்கு 54 மிஞ்சுகிறது! அதனால்தான் 140, அதில் 71 நிற்கும். டி‑சட்டை வேண்டாம். அளவுகள், மாற்றிக் கேட்பவர்கள், தபால் வரிசை என்று ஜெயனின் ஒரு மாதத்தை அது விழுங்கிவிடும். அந்த மாதம் எதிரிக் கப்பல்களை இயக்கும் நிரலுக்கு வேண்டும்.

இலக்கைத் தாண்டினால் விளையாட்டில் ஆறாவது அரசு தருவோம் என்ற யோசனையை நான் உறுதியாக எதிர்க்கிறேன். ஐந்து அரசுகளுக்குள் மோதும் இணைகள் பத்து, ஆறானால் பதினைந்து. ஓர் அரசைச் சேர்த்தால் சமநிலைச் சோதனை ஒன்றரை மடங்காகும். 55,000 வந்தால் கூடுதல் இசையும் பிரெஞ்சு மொழியும் தருவோம். அதற்கு மேல் வருவது சோதனைக்கே போகட்டும்.

ஓர் ஆண்டில் பணம் வந்து மறு ஆண்டில் செலவானால் வரி எப்படி விழும் என்பதைக் கவிதா அக்கா கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். வரைபட அச்சகத்தின் எழுத்துமூல விலை வரும்வரை 140 டாலர் அடுக்கை நாம் வெளியே சொல்ல வேண்டாம்.

தர்ஷினி