எல்.சி. எண் 4471: ஆவண முரண்பாடுகளும் நிலுவைத் தொகையும்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு முரண்பாடுகளைக் காட்டி உங்கள் எல்.சி. பிரிவு எங்கள் ஆவணங்களை நிறுத்தி வைத்துள்ளது.

மொத்த எடை பற்றி நீங்கள் காட்டிய முரண்பாடு சரிதான். பில் ஆஃப் லேடிங்கில் 18,240 கிலோ என்றிருந்ததைக் கப்பல் ஏஜென்ட் 18,420 எனத் திருத்தி, மூன்று ஒரிஜினலிலும் முத்திரையும் கையொப்பமும் இட்டுள்ளார், இணைத்துள்ளோம்.

ஆனால் இன்வாய்ஸில் எங்கள் கதவு எண் மாறியிருப்பதை முரண்பாடு என்பதை ஏற்க முடியாது. நாடு ஒன்றாக இருந்தால் முகவரி அப்படியே ஒத்திருக்கத் தேவையில்லை என்கிறது யு.சி.பி. 600, பிரிவு 14(ஜே). அந்தக் குறிப்பை நீக்குங்கள்.

தயவுசெய்து ஆவணங்களைக் கலெக்‌ஷனுக்கு அனுப்பிவிடாதீர்கள்; எல்.சி. தரும் பாதுகாப்பே போய்விடும். காலாவதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். இன்றே மறு ஒப்படைப்பாக ஏற்றுப் பணம் கிடைக்க வழிசெய்யுங்கள். சரக்கு கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேலாளர், ஏற்றுமதிப் பிரிவு