மஞ்சள் கரு ஓடினால்

(பள்ளி நலவாழ்வு மன்றம், வெள்ளிக்கிழமைக் கூட்டம், 8, 9-ஆம் வகுப்புகளுக்கு)

எல்லோருக்கும் வணக்கம். அரைவேக்காட்டு முட்டையால் வயிறு ஏன் கெடுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். மேசையில் இரண்டு பச்சை முட்டை, ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு டார்ச், ஒரு சோப்பு இருக்கின்றன. சோப்பு எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

விளக்கை அணையுங்கள். முட்டையின் அகலமான முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடிக்கிறேன். மேலே நிலாத் துண்டு மாதிரி வெளிச்சமாக ஓர் இடம் தெரிகிறதா? அது காற்றறை. கோழி இட்ட நிமிடத்தில் அது இருக்காது. கோழியின் உடல் சூடு கிட்டத்தட்ட 41 டிகிரி செல்சியஸ். முட்டை வெளியே விழுந்து ஆறும்போது உள்ளே இருப்பது கொஞ்சம் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று ஓட்டின் வழியாக உள்ளே போகும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் 7,000 முதல் 17,000 வரை உண்டு. காற்று போகிற வழியில் கிருமியும் போகலாம். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அது காய்ந்தபின் துளைகளை ஓரளவு அடைத்துவிடும். ஆனால் முட்டை புதிதாக, ஈரமாக, எச்சத்தின் மேல் கிடக்கிற அந்தச் சில நிமிடங்கள்தான் மோசமானவை. கோழிக்கு முட்டை வருவதும் எச்சம் வருவதும் ஒரே வாசல் வழியாகத்தான்.

இது வெளியிலிருந்து உள்ளே போகிற வழி. இதற்காக ஓட்டைக் கழுவிவிட்டால் போதும் என்று நினைப்பீர்கள். இரண்டாவது வழி அந்த நினைப்பைக் கெடுத்துவிடுகிறது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவில் என்டரிடிடிஸ் என்று ஒரு வகை உண்டு. அது கோழியின் முட்டைப்பைக்குள்ளேயே குடியேறும். ஓடு உருவாவதற்கு முன்பே கருவோடு சேர்ந்துவிடும். அந்தக் கோழிக்குப் பெரும்பாலும் நோய் இருப்பதே தெரியாது. நன்றாகத் தின்னும், வழக்கம்போல முட்டை இடும். முட்டையும் வெள்ளை வெளேரென்று, கீறல் இல்லாமல், நாற்றம் இல்லாமல் இருக்கும். டார்ச் அடித்தாலும் தெரியாது.

டைஃபாய்டும் சால்மோனெல்லாவால் வருவதுதானே என்று உயிரியல் படித்தவர்கள் கேட்கலாம். ஆமாம், ஆனால் அது வேறு வகை. அது மனிதர்களிடம் மட்டும் வாழ்கிறது, கோழி முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்று பேசுவது வயிற்றைப் பிடுங்குகிற வகையைப் பற்றி.

உள்ளே புகுந்த கிருமி என்ன செய்யும்? முதலில் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. வெள்ளைக்கரு கிருமிக்குப் பிடிக்காத இடம். அதில் கிருமியின் சுவரை உடைக்கிற லைசோசைம் இருக்கிறது. கிருமி வளர இரும்புச்சத்து வேண்டும். அந்த இரும்பை யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்துக்கொள்கிற புரதம் ஒன்றும் இருக்கிறது. சாப்பாடெல்லாம் மஞ்சள் கருவில்தான். நடுவே ஒரு மெல்லிய சவ்வு. முட்டை பழசாக ஆக, வெயிலில் கிடக்கக் கிடக்க, அந்தச் சவ்வு தளரும். முட்டையை உடைக்கும்போது மஞ்சள் கரு குண்டாக நிற்காமல் பரந்து கலைந்தால் சவ்வு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சவ்வு தளர்ந்தால் இரும்பும் சத்தும் வெளியே கசியும், கிருமியும் உள்ளே போகும். அதற்குப் பிறகு சூடும் சேர்ந்தால் அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஐந்து மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நம் ஊர் மே மாத மதியத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே அடுக்கிய அட்டையில் இருக்கும் முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா முட்டையிலும் கிருமியா? இல்லை. அமெரிக்காவில் போட்ட மதிப்பீடு ஒன்று, உள்ளே கிருமி உள்ள முட்டை 20,000-க்கு ஒன்று என்கிறது. ‘அவ்வளவுதானா’ என்று தோன்றும். தனி முட்டை ஒன்றைச் சாப்பிடுகிறவருக்கு அது சின்ன எண்தான். ஆனால் கடையில் காலையிலேயே 30 முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்து அடித்து வைத்துவிட்டு, ஆர்டர் வர வர ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அதில் ஒன்று கெட்டதாக இருந்தால் மொத்தப் பாத்திரமும் கெட்டது. அது அடுப்புப் பக்கத்துச் சூட்டிலேயே மூன்று மணி நேரம் நிற்கும். பச்சை முட்டை மயோனைஸ் கதையும் இதேதான். பச்சைக் கருவை எண்ணெயோடு அடிப்பார்கள், அடுப்பே கிடையாது. சவர்மா கடையில் திறந்த டப்பாவில் மாலை முழுக்க இருக்கும். தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதலும் இதற்கு ஓராண்டுத் தடை போட்டது இதனால்தான்.

சரி, கிருமி எப்போது சாகும்? முட்டைக் கலவையை 60 டிகிரியில் மூன்றரை நிமிடம் வைத்திருந்தால் சால்மோனெல்லா போய்விடும். ஆலைகளில் அப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். 71 டிகிரிக்கு வந்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். வீட்டில் யார் வெப்பமானி வைத்து ஆம்லெட் போடுகிறார்கள்? தேவையில்லை. முட்டையே ஒரு வெப்பமானி. வெள்ளை 62, 63 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். மஞ்சள் 65-க்கு மேல்தான் கெட்டிப்படும், 70-ல் நன்றாக இறுகும். மஞ்சள் கரு இன்னும் ஓடுகிறது என்றால் நடுவில் அந்தச் சூடு வரவில்லை என்று முட்டையே சொல்கிறது.

இப்போது ஆஃப் பாயிலைப் பாருங்கள். கல் நல்ல சூடு, அடிப்பக்கம் ஓரம் மொறுமொறுப்பாகிவிடும். மேலே மஞ்சள் கருவைச் சுற்றி வழவழவென்று கண்ணாடி மாதிரி வெள்ளை நிற்கும். அது உறையவே இல்லை. ஒன்றரை நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். கிருமி பெரும்பாலும் இருப்பதும் அந்த இடத்தில்தான், மஞ்சள் கருவின் சவ்வை ஒட்டிய வெள்ளையில். கலக்கி இன்னும் மோசம். கலக்கின முட்டையைக் கல்லில் ஊற்றி, பாதி கூழாக இருக்கும்போதே சுருட்டி எடுப்பதுதான் அதன் ருசியே. ருசி நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்கப் போவதில்லை. மிளகுத்தூள் கிருமியைக் கொல்லாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். ஆஃப் பாயில் வேண்டுமென்றால் திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம் விடுங்கள். திருப்பப் பிடிக்காதவர்கள் கல்லோரம் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி போடுங்கள், ஆவியில் மேல்பக்கமும் வெந்துவிடும். தோசைக்கரண்டி நுனியால் மஞ்சளை அழுத்தினால் வழியக் கூடாது. அவிப்பதற்கு, முட்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கொதிக்கிற நீரில் போட்டால் 12 நிமிடம். அவித்த முட்டையை மதியத்திலிருந்து மாலை வரை பையில் வைத்திருக்காதீர்கள். சத்துணவு முட்டையைத் தங்கச்சிக்கு என்று டிபன் பாக்ஸில் எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறீர்கள், நல்ல மனசுதான். ஆனால் பன்னிரண்டரைக்கு வாங்கியது வீடு சேர நாலரை ஆகிவிடும். இந்த வெயிலுக்கு அவித்த முட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே தாங்காது. இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

வாங்கும்போது கீறல் விட்டதை வாங்காதீர்கள். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கி வந்ததும் கழுவி அடுக்கி வைக்கிற பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும், குளிர்ந்த தண்ணீர் ஓட்டிலிருக்கும் அழுக்கைத் துளை வழியாக உள்ளேயும் இழுக்கும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் உடைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள். ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் குழி குழியாக முட்டைக்கென்றே இடம் இருக்கும், அது தவறான இடம். கதவைத் திறக்கிறபோதெல்லாம் அங்கே சூடு ஏறும். அட்டையோடு உள் தட்டில் வையுங்கள்.

கேள்விப் பெட்டியில் வந்த சீட்டுகள். முதல் சீட்டு: ‘நாட்டுக்கோழி முட்டையில் இது வராதா?’ வரும். நாட்டுக்கோழி குப்பையைக் கிளறித்தான் மேய்கிறது, சால்மோனெல்லாவுக்குச் சாதி பார்க்கத் தெரியாது. இரண்டாவது: ‘தண்ணீரில் போட்டால் மூழ்குகிற முட்டை நல்லது என்கிறார்களே?’ மிதந்தால் பழசு, மூழ்கினால் புதிது, அவ்வளவுதான். காற்றறை பெரிதாகியிருக்கிறதா என்பதை அது காட்டும், கிருமியைக் காட்டாது. மூன்றாவது: ‘ஜிம்முக்குப் போகிற அண்ணன் பச்சை முட்டை குடிக்கிறார், உடம்புக்கு நல்லதா?’ அண்ணனிடம் சொல்லுங்கள்: வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் உடம்பில் சேரும், பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேரும். நாலு முட்டை வாங்கி இரண்டு முட்டைப் பலன்.

நாலாவது சீட்டு நல்ல கேள்வி: ‘வெளிநாட்டு வீடியோவில் எல்லோரும் ஓடுகிற மஞ்சள் கருதான் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ ஆகியிருக்கிறது. 1988-ல் பிரிட்டனில் இது பெரிய கலவரமானது. முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மோனெல்லா என்று பேசிய எட்வினா கரி என்ற இணையமைச்சர் அதே மாதம் பதவி விலக வேண்டி வந்தது. அதன்பின் அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, ஓட்டில் சிங்க முத்திரை குத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2017-ல்தான் அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசு சொன்னது. ஜப்பானில் முட்டைக்குப் போடும் தேதியே பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடு. நம் மளிகைக் கடையில் சில்லறையாக வாங்கும் முட்டையில் அப்படி எந்த முத்திரையும் இல்லை. வீடியோவைப் பார்த்துச் செய்யும்போது கோழியையும் பார்க்க வேண்டும்.

யாருக்காவது வந்துவிட்டால்: சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சிலருக்கு வாந்தி. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே சரியாகும். ஆபத்து நீர் வற்றுவதில்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான், ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டக் கூடாது. உப்பு மிஞ்சினால் நிலைமை இன்னும் கெடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மலத்தில் ரத்தம், இறங்காத காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம். மெடிக்கலில் போய் ஏதோ ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள், சாதாரணமாக வருகிறதற்கு அது தேவைப்படாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாத்தா பாட்டி, சர்க்கரை நோயாளிகள், இவர்களுக்கு வீட்டில் யாரும் ஆஃப் பாயில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

இப்போது முட்டையை உடைக்கிறேன். முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து பாருங்கள். மஞ்சள் கரு குண்டாக நிற்கிறது, புது முட்டை. இந்தக் கையோடு நோட்டை எடுத்தால் நோட்டிலும் ஒட்டும், அதனால்தான் சோப்பு. 20 நொடி, நகக்கண் வரைக்கும். தொட்டுப் பார்த்த நாலு பேரும் என்னோடு குழாயடிக்கு வாருங்கள், மணி அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.