மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சந்திப்பு: மார்ச் மாதக் குறிப்பு

இரண்டாவது சனிக்கிழமை மாலை, நூலக மாடி அறையில் கூடினோம். எல்லோரிடமும் கேட்டுக்கொண்டுதான் ஃபோனில் பதிவு செய்தோம். வர முடியாதவர்களுக்காக அந்தப் பதிவைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

இந்தக் குறிப்பில் எல்லோருமே 'ஒருவர்'தான். மகளா, மருமகளா, கணவரா என்று எங்கும் சொல்லவில்லை. பேசிய வரிசையையும் மாற்றியிருக்கிறேன். ஊர், வேலை, எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் கிடையாது. நம் ஊரில் ஒரு தெருப்பெயரும் ஒரு வியாதியும் தெரிந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதிக நேரம் போனது குளியலில். "குளிக்க வாங்க" என்றாலே சண்டை வருகிறது என்று பலரும் சொன்னார்கள். ஒருவர் அந்த வார்த்தையையே விட்டுவிட்டாராம். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே உள்ளங்கையில் தேய்க்க ஆரம்பிப்பாராம். கையைத் தொடர்ந்து தோள், அப்புறம் முதுகு. எண்ணெய் பூசிய உடம்போடு சும்மா உட்கார நோயாளிக்கே பிடிக்காதாம், தானாக எழுந்து குளியலறைக்குப் போய்விடுவாராம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் சட்டென்று தண்ணீர் விழுந்தால் பயந்துபோகிறார்கள் என்று இன்னொருவர் சேர்த்தார். தோளில் ஒரு துண்டைப் போட்டபடியே குளிப்பாட்டினால் கூச்சமும் குளிரும் குறைகிறதாம். எண்ணெய் தேய்த்த நாளில் தரை வழுக்கும், ரப்பர் பாயும் கைப்பிடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள் என்று அங்கேயே ஒரு எச்சரிக்கையும் வந்தது.

அடுத்தது சாயங்காலம். ஐந்து மணி ஆனதும் சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவது. இதைச் சொன்னபோது பதிவில் நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதை என்று தெரிந்த சிரிப்பு. இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, ஜன்னலை மூடிவிட்டால் தவிப்பு கொஞ்சம் அடங்குகிறது என்றார் ஒருவர். இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பி, தெருமுனை வரை போய் "வீடு வந்துடுச்சு" என்று திரும்பி வருகிறாராம். அது ஏமாற்றுவது இல்லையா என்று கேள்வி வந்தது. பத்து நிமிடம் பேசியும் முடிவு எட்டவில்லை. எட்டாததை நான் எட்டியதாக எழுதவில்லை.

கோபத்தைப் பற்றிய பேச்சைச் சுருக்கியே தருகிறேன். கத்தியிருக்கிறோம், பிறகு சமையலறையில் போய் அழுதிருக்கிறோம் என்று ஒருவர் அல்ல, பலர் சொன்னார்கள். அதற்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. நடுவில் ஒரு பகுதிக்குப் பதிவை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். அதில் என்ன பேசினோம் என்பது இங்கே வராது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, குதிகாலையும் இடுப்பெலும்பையும் தினமும் பார்ப்பது. தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் நிறம் மாறவில்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம், நர்ஸிடம் காட்ட வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள காற்றடைத்த வளையம் வேண்டாம், சுற்றியுள்ள இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்காக ஆளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கு வந்து ஜீவன் பிரமாண் பதிந்து தருவார். விரல்ரேகை விழாவிட்டால் முகத்தைக் காட்டியும் பதியலாம்.

எண்கள் கேட்டிருந்தீர்கள். முதியோர் உதவிக்கு 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. உங்கள் மனசுக்கே முடியவில்லை என்றால் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள்.

சந்திப்புக்கு வரும் இரண்டு மணி நேரம் வீட்டில் யாரை விட்டுவிட்டு வருவது என்பதற்கு இந்த முறையும் வழி கிடைக்கவில்லை. ஒருவர் வீட்டை இன்னொருவர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏப்ரலில் அதைத்தான் முதலில் பேசுகிறோம்.

ஒலிப்பதிவு என் ஃபோனில் மட்டும்தான் இருக்கிறது, யாருக்கும் அனுப்பவில்லை. இந்தக் குறிப்பில் உங்களை அடையாளம் காட்டும் வரி எதுவும் கண்ணில் பட்டால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், காரணம் கேட்காமல் எடுத்துவிடுகிறேன். வியாழன் காலை பதிவை அழித்துவிடுவேன்.