பட்டினப்பாலை இயல் வரைவு: தங்கள் கருத்து வேண்டி

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். மூன்றாம் இயலின் வரைவை இணைத்துள்ளேன். பட்டினப்பாலையின் 301 அடிகளில் காவிரியும் துறைமுகமும் கரிகாலனும்தான் பெரும்பகுதி. ஆனால் "வாரேன் வாழிய நெஞ்சே" என்ற ஒரு சொல்லே பாட்டை அகமாக்குகிறது என்று வாதிடுகிறேன். கடைசி அடிகளில் கானம் கரிகாலனின் வேலைவிட வெம்மையாகவும், தலைவியின் தோள் அவன் செங்கோலைவிடத் தண்மையாகவும் வருவது என்னை இன்னும் விடவில்லை. அந்தப் பகுதி நீண்டதற்கு அதுவே காரணம்.

நச்சினார்க்கினியர் அடிகளை மாற்றிக் கூட்டிப் பொருள் சொல்வதை நான் மறுத்திருக்கும் இடம் வலுவாக நிற்கிறதா? அதை மட்டுமாவது பாருங்கள் அம்மா. அப்புறம், பூம்புகார்க் களப்பணிக் குறிப்புகளை இதில் வைக்கலாமா, பின்னிணைப்புக்கு மாற்றலாமா?

வியாழக்கிழமை கும்பகோணத்திலிருந்து துறைக்கு வருகிறேன். தங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் நேரில் பேசலாம்.

பணிவுடன்,
கயல்விழி
முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழ்த்துறை